சேமிக்கும்போது உறையும் பக்க வடிவமைப்பு நிரல்: தூய தொடக்கத்தின் வழியே ஒரு முரண்பாட்டைக் கண்டுபிடித்த நிகழ்வு ஆய்வு

விண்டோஸ் 11 இயங்கும் ஒரு மேசைக் கணினியில், காலாண்டிதழ் ஒன்றின் பக்கங்களை அமைக்கப் பயன்படும் வடிவமைப்பு நிரல், கோப்பைச் சேமிக்கும் நேரத்தில் உறைந்துபோகிறது என்ற புகாருடன் இந்த வேலை என்னிடம் வந்தது. சேமிக்கச் சொன்னதும் சாளரம் வெளிறி, தலைப்பில் `Not Responding` என்று காட்டி, சுமார் 20 விநாடிகள் கழித்து ‘கோப்பைச் சேமிக்க இயலவில்லை’ என்ற செய்தியைத் தரும். அதன்பின் மறுபடி சேமித்தால் பெரும்பாலும் சேமித்துவிடும். நிரலை நீக்கி மறுபடி நிறுவியாயிற்று, அதன் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தாயிற்று, வட்டில் பிழை இருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று; எதிலும் மாற்றம் இல்லை. அதே நிரலும் அதே கோப்பும் வேறொரு கணினியில் ஒரு முறைகூடத் தடுமாறாமல் வேலை செய்தன. ஆகவே கோளாறு நிரலுக்குள்ளோ கோப்புக்குள்ளோ இல்லை, அந்தக் கணினியில் உடன் ஓடிக்கொண்டிருக்கும் வேறு ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது என்று கருதுவதற்கு இடமிருந்தது.

அந்த வேறு ஒன்று எது என்று தேடுவதற்கான முறைதான் கிளீன் பூட் எனப்படும் தூய தொடக்கம். மைக்ரோசாஃப்ட் அல்லாத எல்லாப் பின்புலச் சேவைகளையும், உள்நுழைந்தவுடன் தாமாகக் கிளம்பும் எல்லா நிரல்களையும் நிறுத்திவைத்துக் கணினியைத் தொடங்கி, கோளாறு மறைகிறதா என்று பார்ப்பதும், மறைந்தால் நிறுத்தியவற்றைப் பகுதி பகுதியாகத் திரும்பக் கொண்டுவந்து எதனுடன் சேர்ந்து கோளாறும் திரும்புகிறது என்று கண்டறிவதும்தான் அதன் சாரம். முறை எளிது. ஆனால் அது தனக்குள் ஓர் எண்ணத்தை வைத்துக்கொண்டிருக்கிறது: குற்றவாளி ஒருவன்தான், அவன் தனியாளாகவே வேலை செய்கிறான் என்பது. இந்த நிகழ்வில் அந்த எண்ணம் பொய்த்தது. அதனாலேயே இதை முழுமையாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

தொடங்குவதற்கு முன் எண்ணிப் பார்த்தது

புகார் சொன்ன ஆசிரியரிடம் “எத்தனை முறைக்கு ஒரு முறை இப்படி ஆகிறது, மேடம்?” என்று கேட்டபோது, “சொல்ல முடியாது சார், சில நாள் காலையிலிருந்து மாலை வரை வருவதே இல்லை, சில நாள் தொட்டதெல்லாம் உறைகிறது” என்றார். இப்படி வந்து வந்து போகும் கோளாறில், ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு மூன்று முறை சேமித்துப் பார்த்து, ‘சரியாகிவிட்டது’ என்று முடிவு கட்டுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஆகவே எதையும் தொடுவதற்கு முன், சுமார் 180 எம்பி அளவுள்ள ஒரே ஆவணத்தைத் திறந்து, ஒரே பக்கத்தில் ஒரு சொல்லை மாற்றிச் சேமிப்பது என்ற ஒரே செயலை 30 முறை செய்தேன். 12 முறை உறைந்தது. அதாவது பத்துக்கு நான்கு.

இந்த எண் கைக்கு வந்தவுடன் சோதனையின் அளவு தானாகவே தீர்மானமாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் உறையாமல் தப்பிப்பதற்கான வாய்ப்பு 0.6 என்றால், கோளாறு அப்படியே இருக்கும்போதே தொடர்ந்து மூன்று முறை தப்பிப்பதற்கான வாய்ப்பு 0.216, ஏறத்தாழ ஐந்தில் ஒரு தடவை நாம் ஏமாந்துவிடுவோம். தொடர்ந்து பத்து முறை தப்பிப்பதற்கான வாய்ப்பு 0.006, ஆயிரத்தில் ஆறு. எனவே ஒவ்வொரு நிலையிலும் பத்து முறை உறையாமல் சேமித்தால்தான் அந்த நிலையைக் ‘கோளாறு இல்லை’ என்று குறிப்பது என்று வைத்துக்கொண்டேன். உறைவதைப் பொறுத்தவரை இந்தக் கணக்கே தேவையில்லை. ஒரு முறை உறைந்துவிட்டால் அந்த நிலையில் கோளாறு இருக்கிறது என்பது உறுதி, அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம். இந்த வேறுபாடு நேரத்தை வெகுவாக மிச்சப்படுத்தும்.

அதே முப்பது முறைகளின்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆவணம் இருந்த கோப்புறையில், பொருளற்ற எழுத்துகளைப் பெயராகக் கொண்டு `.tmp` என்று முடியும் கோப்புகள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஆவணத்தின் அளவை ஒத்திருந்தது. உறைந்த 12 முறைகளுக்கு 12 கோப்புகள். அவற்றின் பொருள் அப்போது எனக்கு முழுமையாக விளங்கவில்லை என்றாலும், குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டேன்.

நிகழ்வுப் பதிவையும் பார்த்தேன். உறைந்திருக்கும்போது ஆசிரியர் பொறுமையிழந்து நிரலை மூடிய சில சந்தர்ப்பங்களில் மட்டும், `Application Hang` என்ற மூலத்தின்கீழ் 1002 என்ற எண்ணுடன் பதிவு இருந்தது. அது வடிவமைப்பு நிரலின் பெயரையும் பதிப்பையும் சொல்லி, அது விண்டோஸுக்குப் பதிலளிப்பதை நிறுத்திவிட்டது என்று சொல்கிறதே தவிர, யாருக்காகக் காத்திருந்தது என்று சொல்வதில்லை. நிரல் நொறுங்கி மூடியிருந்தால் 1000 என்ற எண்ணில் வரும் பதிவில், பிழை எந்தக் கூறில் நேர்ந்தது என்பதும் இருக்கும். அது சில வேளைகளில் வேற்று நிரலின் பெயரையே நேராகக் காட்டிக்கொடுத்துவிடும். உறைவதில் அந்த வசதி இல்லை.

தூய தொடக்கம்

நிறுத்துவதற்கு முன், எது எப்படி இருந்தது என்பதைப் பதிந்துவைப்பது அவசியம். ஏற்கெனவே யாரோ காரணத்தோடு நிறுத்திவைத்திருந்த சேவைகளும் தொடக்க நிரல்களும் பட்டியலில் இருக்கும்; வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் இயக்கிவிட்டால், நேற்றுவரை ஓடாத ஒன்று இன்று ஓடத் தொடங்கும். பவர்ஷெல்லில் இந்த ஒரு வரி சேவைகளின் நிலையை ஒரு கோப்பில் எழுதிவிடும்:

```
Get-Service | Select-Object Name, StartType, Status | Export-Csv $HOME\before.csv -NoTypeInformation
```

தொடக்க நிரல்களின் பட்டியலைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு `msconfig` என்று இயக்கி, `Services` பக்கத்தில் முதலில் `Hide all Microsoft services` என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் பின்னரே `Disable all` என்பதை அழுத்தினேன். இந்த வரிசை மாறக் கூடாது. முதல் படியை மறந்து இரண்டாவதை அழுத்தினால், வலைத்தொடர்பு முதல் உள்நுழைவு வரை விண்டோஸின் சொந்தச் சேவைகளும் நின்றுபோய், கணினியை மீட்பதே தனி வேலையாகிவிடும். அதே சாளரத்தில் உள்ள `Boot` பக்கத்தைத் தொடவேண்டிய தேவை தூய தொடக்கத்தில் இல்லை. அடுத்து டாஸ்க் மேனேஜரின் `Startup apps` பகுதியில் இயங்கும் நிலையில் இருந்த ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தினேன். இந்தக் கணினியில் மைக்ரோசாஃப்ட் அல்லாத சேவைகள் 14, தொடக்க நிரல்கள் 9.

கணினியைத் தொடங்கும் விதத்திலும் கவனம் வேண்டும். ஷட்டௌன் செய்துவிட்டு மறுபடி இயக்குவது புதிய தொடக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி இயக்கத்தில் இருந்தால், ஷட்டௌன் செய்யும்போது அமைப்பின் உட்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அதுவே திரும்ப ஏற்றப்படுகிறது. பழைய நிலை அப்படியே தொடர வாய்ப்புண்டு. ரீஸ்டார்ட் அப்படிச் செய்வதில்லை. எனவே ஒவ்வொரு சுற்றிலும் ரீஸ்டார்ட் மட்டுமே கொடுத்தேன்.

சேஃப் மோடை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கலாம். சேஃப் மோடில் வரைகலை டிரைவர் முதல் அச்சுப்பொறி வரை பெரும்பாலானவை ஏற்றப்படுவதில்லை. வடிவமைப்பு நிரல் அங்கே வேறு மாதிரியாகவே நடந்துகொள்ளும். அங்கே கோளாறு வரவில்லை என்றால், காரணம் பின்புல நிரல் இல்லாததா, டிரைவர் இல்லாததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நிறுத்தியதை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவரவும் அங்கே வழியில்லை.

தூய தொடக்கத்துக்குப் பின், ஆன்டிவைரஸின் சேவையும் நின்றிருந்ததால் வலைக் கேபிளைக் கழற்றிவிட்டு, 20 முறை சேமித்தேன். ஒரு முறைகூட உறையவில்லை. முதல் முடிவு மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்பதால் பத்துக்குப் பதில் இருபது. இதில் இன்னொரு சிறு சரிபார்ப்பும் தேவைப்பட்டது: சில ஆன்டிவைரஸ் நிரல்கள் தம்மை நிறுத்த விடுவதில்லை, நிறுத்தினாலும் தொடக்கத்தில் தம்மைத் தாமே மீண்டும் இயக்கிக்கொள்கின்றன. ரீஸ்டார்ட் ஆனபின் பட்டியலைத் திரும்பத் திறந்து, நிறுத்தியது நின்றுதான் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

இரண்டு பாதிகளும் நிரபராதிகள்

இப்போது நிறுத்தியவற்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். 23 உருப்படிகளை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பதைவிடப் பாதியாகப் பிரித்துப் பார்ப்பது விரைவானது. எந்தப் பாதியில் கோளாறு வருகிறதோ அதை மறுபடி பாதியாக்கினால், நான்கைந்து சுற்றுகளில் ஒன்றில் வந்து நிற்கும். முதல் பிரிப்பு இயல்பாகவே அமைந்திருந்தது: ஒரு பக்கம் சேவைகள், மறு பக்கம் தொடக்க நிரல்கள்.

14 சேவைகளையும் இயக்கி, தொடக்க நிரல்களை நிறுத்தியே வைத்து, பத்து முறை சேமித்தேன். உறையவில்லை. அப்படியானால் தொடக்க நிரல்களில்தான் கோளாறு என்று எண்ணி, சேவைகளை நிறுத்தி 9 தொடக்க நிரல்களையும் இயக்கினேன். பத்து முறையும் உறையவில்லை.

எனக்கு முன்பு இதே கணினியைப் பார்த்த ஒரு நண்பர், சேவைகளை மட்டும் நிறுத்திப் பார்த்துவிட்டுச் ‘சேவையில்தான் பிரச்சினை’ என்று ஆன்டிவைரஸை மாற்றச் சொல்லியிருந்தார். அவர் பார்த்தது பொய்யல்ல. சேவைகளை நிறுத்தினால் கோளாறு உண்மையிலேயே போய்விடுகிறது. ஆனால் தொடக்க நிரல்களை நிறுத்தினாலும் அதே போலப் போய்விடுகிறது என்பதை அவர் பார்க்கவில்லை. ஒன்றை நிறுத்தியதும் கோளாறு போயிற்று என்றால் கோளாறு நிகழ அது தேவை என்று மட்டுமே பொருள்; அது ஒன்றே போதும் என்று பொருளல்ல.

கோளாறே தற்செயலாக மறைந்துவிட்டதோ என்ற ஐயத்தைத் தீர்க்க, எல்லாவற்றையும் இயக்கித் தொடங்கினேன். இரண்டாவது சேமிப்பிலேயே உறைந்தது. ஆக, ஏதோ ஒரு சேவையும் ஏதோ ஒரு தொடக்க நிரலும் சேர்ந்தால்தான் இது நிகழ்கிறது.

இப்படிப்பட்ட சூழலில், ஒரு பக்கத்தை முழுவதும் இயக்கி வைத்துக்கொண்டு மறு பக்கத்தை மட்டும் பாதியாக்குவது சரியான வழி. தொடக்க நிரல்கள் 9ஐயும் இயக்கி வைத்து, சேவைகளின் பட்டியலில் மேலிருந்து ஏழை மட்டும் இயக்கினேன். பத்து முறையும் உறையவில்லை. மீதி ஏழை இயக்கினேன். அப்போதும் பத்து முறையும் உறையவில்லை. 14ஐயும் இயக்கினால் உறைகிறது, முதல் ஏழில் இல்லை, மற்ற ஏழிலும் இல்லை.

இந்த இடத்தில்தான் பலரும் முறையையே கைவிட்டுவிட்டு, விண்டோஸை முழுவதும் மறுபடி நிறுவும் முடிவுக்குப் போகிறார்கள். நான் சோதனை நாளின் நிகழ்வுப் பதிவுக்குத் திரும்பினேன். `System` பதிவில், முதல் ஏழை மட்டும் இயக்கிய சுற்றின் நேரத்தில், `Service Control Manager` என்ற மூலத்தின்கீழ் 7001 என்ற எண்ணில் ஒரு பிழை இருந்தது: ஒரு காப்புநகல் நிரலின் முதன்மைச் சேவை இன்னொரு சேவையைச் சார்ந்திருக்கிறது, அந்த இன்னொன்று முடக்கப்பட்டிருப்பதால் தொடங்க முடியவில்லை. அந்த இன்னொன்று அதே காப்புநகல் நிரலின் துணைச் சேவை. பெயரின் அகரவரிசை காரணமாகப் பட்டியலின் கீழ்ப் பாதியில் இருந்தது. `msconfig` பட்டியலில் நான் முதன்மைச் சேவையைத் தேர்ந்தெடுத்திருந்தேன், ஆனால் அது ஓடவே இல்லை. அடுத்த சுற்றில் துணைச் சேவை ஓடியது, முதன்மைச் சேவை நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டு சுற்றிலும் அந்தக் காப்புநகல் நிரல் உண்மையில் இயங்கவில்லை.

தேர்ந்தெடுத்திருப்பதும் ஓடிக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இன்னொரு சான்றும் முன்பே என் கண்முன் இருந்தது. தொடக்க நிரல்களை மட்டும் இயக்கிய சுற்றில், கடிகாரத்துக்கு அருகே இருந்த காப்புநகல் நிரலின் சின்னத்தில் சிவப்புக் குறி ஒன்று தெரிந்தது. தன் சேவையைத் தேடிக் காணாமல் அது வெறுமனே உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் சேமித்துப் பார்ப்பதற்கு முன், இயக்கியவை உண்மையிலேயே `Running` நிலையில் இருக்கின்றனவா என்பதை `services.msc` சாளரத்தில் பார்த்துக்கொண்டேன். ஒரு சேவையின் பண்புகளில் உள்ள `Dependencies` பக்கம், அது எதைச் சார்ந்திருக்கிறது, எது அதைச் சார்ந்திருக்கிறது என்ற இரண்டையும் காட்டும்.

குடும்பம் குடும்பமாகப் பிரித்தல்

பின்புல நிரல்கள் தனியாட்களாக வருவதில்லை. ஒரு நிரலை நிறுவினால், அதன் முதன்மைச் சேவை, துணைச் சேவை, புதுப்பிக்கும் சேவை, கடிகாரத்தருகே அமரும் தொடக்க நிரல் என்று ஒரு குடும்பமே வந்து குடியேறுகிறது. பட்டியலை வரிசை எண்ணால் பாதியாக்குவது அந்தக் குடும்பங்களை வெட்டிப் பிரித்துவிடுகிறது. வெட்டுப்பட்ட குடும்பம் வேலை செய்யாது. வேலை செய்யாதது கோளாறும் தராது. நாம் அதை நிரபராதி என்று குறித்துவிடுவோம்.

ஆகவே 14 சேவைகளையும் 9 தொடக்க நிரல்களையும் ஒரே தாளில், தயாரிப்பாளரின் பெயரின்கீழ் தொகுத்து எழுதினேன். `msconfig` பட்டியலின் `Manufacturer` என்ற தலைப்பையும், டாஸ்க் மேனேஜரின் `Publisher` என்ற தலைப்பையும் அழுத்தினால் அந்தந்தப் பட்டியல் தயாரிப்பாளர் வாரியாக அடுக்கப்பட்டுவிடும். மொத்தம் எட்டுக் குடும்பங்கள் வந்தன. இந்த நேரத்தில் காப்புநகல் நிரலின் மீது எனக்கு ஐயம் விழுந்திருந்தது உண்மைதான். ஆனால் ஒரு நிரல் வெட்டுப்பட்டிருந்தது என்பது, அதுதான் குற்றவாளி என்பதற்குச் சான்றாகாது. அதே போல வெட்டுப்பட்ட வேறு குடும்பமும் இருக்கலாம். எனவே தாளின் வரிசைப்படியே போனேன்.

முதல் நான்கு குடும்பங்களை, அவற்றின் சேவைகளும் தொடக்க நிரல்களும் சேர்த்து, இயக்கினேன். பத்து முறையும் உறையவில்லை. அடுத்த நான்கை இயக்கினேன். மூன்றாவது சேமிப்பில் உறைந்தது. அந்த நான்கில் ஐந்தாவதையும் ஆறாவதையும் மட்டும் இயக்கினேன். இரண்டாவது சேமிப்பில் உறைந்தது. ஐந்தாவதை மட்டும் இயக்கியபோது பத்து முறையும் உறையவில்லை. ஆறாவதை மட்டும் இயக்கியபோது நான்காவது சேமிப்பில் உறைந்தது. ஆறாவது குடும்பம் காப்புநகல் நிரல்தான்.

கடைசியாக எதிர்த்திசைச் சோதனை: ஆறாவது குடும்பத்தை மட்டும் நிறுத்தி, மற்ற ஏழையும் இயக்கி 20 முறை சேமித்தேன். உறையவே இல்லை. அது மட்டும் இருந்தால் கோளாறு வருகிறது, அது மட்டும் இல்லாவிட்டால் வருவதில்லை என்ற இரண்டும் கிடைத்த பிறகே குற்றச்சாட்டு முழுமையாகிறது. முதல் தூய தொடக்கத்திலிருந்து இதுவரை 12 ரீஸ்டார்ட்கள். ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம் என்று கொண்டால் மூன்று மணி நேர வேலை.

ஏன் முட்டிக்கொண்டன

காப்புநகல் நிரலை நீக்கிவிடுங்கள் என்று சொல்லி இங்கேயே முடித்திருக்கலாம். காலாண்டிதழின் மூலக் கோப்புகளுக்கு அது ஒன்றுதான் பாதுகாப்பு என்னும்போது அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று தெரிந்தால்தான் இரண்டையும் வைத்துக்கொண்டு வாழ வழி கிடைக்கும்.

மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ப்ராசஸ் மானிட்டர் என்ற கருவி, எந்த நிரல் எந்தக் கோப்பை எப்போது எப்படித் திறந்தது என்பதை வரிவரியாகக் காட்டும். முதலிலேயே அதை இயக்கியிருக்கலாமே என்றால், எல்லாம் ஓடும் கணினியில் சில நிமிடங்களிலேயே இலட்சக்கணக்கான வரிகள் குவிந்துவிடும். ஆன்டிவைரஸும் தேடல் அட்டவணையும் காப்புநகலும் ஒரே கோப்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அவற்றில் எந்தத் தொடுகை தவறானது என்று முன்கூட்டி அறிய வழியில்லை. இப்போது பார்க்க வேண்டியவை இரண்டே நிரல்கள், ஒரே ஒரு கோப்புறை.

கண்டது இதுதான். வடிவமைப்பு நிரல் பழைய ஆவணத்தின் மீது நேராக எழுதுவதில்லை. பக்கத்திலேயே ஒரு `.tmp` கோப்பை உருவாக்கி, முழு ஆவணத்தையும் அதில் எழுதி முடித்து, பின்பு அதற்கு ஆவணத்தின் பெயரைச் சூட்டிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. பாதி எழுதும்போது மின்சாரம் போனாலும் பழைய ஆவணம் கெடாமலிருக்கப் பல நிரல்களும் கையாளும் நல்ல வழி இது. புதிதாக ஒரு கோப்பு எழுதப்பட்டதை உணர்ந்த காப்புநகல் சேவை, எழுதி முடிந்த அந்தக் கணத்தில் `.tmp` கோப்பைத் திறந்து நகலெடுக்கத் தொடங்கியது. அது திறந்த வரியின் விவரத்தில் `ShareMode: Read` என்று மட்டுமே இருந்தது. அதாவது, நான் வைத்திருக்கும்வரை மற்றவர்கள் இதைப் படிக்கலாம், ஆனால் நீக்கவோ பெயர் மாற்றவோ கூடாது என்பது பொருள். அடுத்த வரியில் வடிவமைப்பு நிரல் பெயர் மாற்றுவதற்காக அதே கோப்பை `Delete` உரிமையுடன் திறக்க முயன்று, `SHARING VIOLATION` என்ற மறுப்பைப் பெற்றது. அரை விநாடிக்கு ஒரு முறை என்று அது திரும்பத் திரும்ப முயன்றது; அதே மறுப்பு ஏறக்குறைய 40 வரிகளுக்கு நீண்டது. பிறகு அது முயற்சியைக் கைவிட்டுப் பிழைச் செய்தியைக் காட்டியது. அநாதையான `.tmp` கோப்பு கோப்புறையிலேயே தங்கிவிட்டது. முதல் நாள் நான் எண்ணிய 12 கோப்புகள் இவைதான்.

பத்துக்கு நான்கு முறை மட்டும் நிகழ்ந்ததற்கான காரணமும் இதிலேயே இருந்தது. எழுதி முடிப்பதற்கும் பெயர் மாற்றுவதற்கும் இடையே இருப்பது மிகச் சிறிய இடைவெளி. காப்புநகல் சேவை அந்த இடைவெளிக்குள் வந்து சேர்ந்தால் உறைகிறது. சற்றுத் தாமதித்து வந்தால், அதற்குள் பெயர் மாறிவிட்டிருப்பதால் ஒன்றும் ஆவதில்லை.

சேவையும் தொடக்க நிரலும் ஏன் சேர்ந்தே தேவைப்பட்டன என்பதும் விளங்கியது. கோப்புகளைத் தொட்டது எல்லா வரிகளிலும் சேவைதான். ஆனால் மாறும் கோப்புகளை உடனுக்குடன் நகலெடுக்கும் ‘தொடர் காப்புநகல்’ வசதியைப் பயனர் உள்நுழைந்தபின் தொடங்கிவைத்தது கடிகாரத்தருகே அமர்ந்திருந்த தொடக்க நிரல். அது வராதவரை சேவை இரவு நேர அட்டவணைப்படி மட்டுமே வேலை செய்தது. அந்த வசதி, அண்மையில் வந்த ஒரு புதுப்பிப்புடன் சேர்ந்து இயக்கப்பட்டிருந்ததை அமைப்புகளில் பார்த்தேன்.

தீர்வும் திரும்ப அடுக்கலும்

காப்புநகல் நிரலின் விலக்குப் பட்டியலில் `*.tmp` என்று சேர்த்தேன். மற்றபடி தொடர் காப்புநகல் அப்படியே இருந்தது. 30 முறை சேமித்ததில் ஒரு முறையும் உறையவில்லை. விலக்கை நீக்கிப் பார்த்தபோது நான்காவது சேமிப்பில் உறைந்தது. மறுபடி சேர்த்தேன்.

பிறகு `msconfig` சாளரத்தின் `General` பக்கத்தில் `Normal startup` என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அது தொடக்க நிரல்களைத் திருப்பித் தராது. அவற்றைத் திரைப்பிடிப்பைப் பார்த்து டாஸ்க் மேனேஜரில் ஒவ்வொன்றாக இயக்க வேண்டும். ரீஸ்டார்ட் ஆனபின் சேவைகளின் நிலையை முன்பு போலவே `after.csv` என்ற கோப்பில் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டேன்:

```
Compare-Object (Import-Csv $HOME\before.csv) (Import-Csv $HOME\after.csv) -Property Name, StartType
```

பெயரின் முடிவில் அடிக்கோடும் சில எண்ணெழுத்துகளும் கொண்ட சேவைகள் வேறுபாடாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். பயனருக்கெனத் தனியாக உருவாகும் சேவைகளின் பெயர் ஒவ்வோர் உள்நுழைவிலும் மாறும். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது, உண்மையான வேறுபாடு ஒன்று இருந்தது. வேலை தொடங்குவதற்கு முன் முடக்கப்பட்டிருந்த அச்சுப்பொறித் துணைச் சேவை ஒன்று, நான் சுற்றுகளுக்கிடையே எல்லாவற்றையும் இயக்கியபோது தானும் இயங்கத் தொடங்கியிருந்தது. அதைப் பழையபடி முடக்கினேன்.

தூய தொடக்கம் தொடாத இடங்களும் உண்டு. கோப்பு வடிகட்டி டிரைவர்கள், திட்டமிட்ட பணிகள், வலது சொடுக்குப் பட்டியலிலும் கோப்புத் திறக்கும் சாளரத்திலும் தம்மைச் செருகிக்கொள்ளும் நீட்சிகள், வடிவமைப்பு நிரலின் சொந்த இணைப்புகள் ஆகியவை அதில் நிற்பதில்லை. மறைத்துவைத்த மைக்ரோசாஃப்ட் சேவைகளும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் 20 சேமிப்புகளில் ஒன்று உறைந்திருந்தாலும், வேற்று நிரல் எதுவும் காரணமில்லை என்று நான் முடிவு செய்திருக்க மாட்டேன். நிர்வாகி உரிமையுடன் `fltmc filters` என்று இயக்கி வடிகட்டி டிரைவர்களின் பட்டியலிலிருந்தும், சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸ் கருவி காட்டும் நீட்சிகளிலிருந்தும் தேடலைத் தொடர்ந்திருப்பேன். குறிப்பாக, கோப்பைத் திறக்கும் அல்லது சேமிக்கும் சாளரம் விரியும் அதே நொடியில் உறைந்தால், சேவைகளைவிட அந்த நீட்சிகளின் மீதே என் முதல் ஐயம் போகும். இங்கே உறைந்தது சாளரம் ஏதும் விரியாத, ஏற்கெனவே பெயருள்ள கோப்பின் சேமிப்பில் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆசிரியரிடம், “கோப்புறையைத் திறந்து `.tmp` என்று முடியும் கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மேடம்” என்று கேட்டேன். உறைந்ததா என்று கேட்டிருந்தால் நினைவிலிருந்துதான் பதில் வந்திருக்கும். கோப்புறையில் அந்த இதழின் ஆவணமும் படங்களும் மட்டுமே இருந்தன.